பாதியில் அறுந்த வீடியோ: விட்ட இடத்திலிருந்து தொடர

அக்கா, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு 14 ஜிபி வீடியோ அனுப்ப வேண்டும். அப்லோடு வேகம் 2 எம்பிபிஎஸ்தான். இரண்டு முறை பாதிக்கு மேல் போய் அறுந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

2 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 250 கேபி. தடங்கலே இல்லாமல் போனாலும் 14 ஜிபிக்கு பதினைந்தரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் லைன் அறாது என்று நம்பி உட்காராதீர்கள். அறுந்தால் எவ்வளவு இழப்போம் என்பதைத்தான் குறைக்க வேண்டும்.

இருவரும் கணினியில் Syncthing போடுங்கள், இரண்டு கணினிகளுக்கு இடையே நேரடியாக ஃபைல் நகர்த்தும் இலவச மென்பொருள் அது. உங்கள் ஃபைலை அது 8 எம்பி அளவுத் துண்டுகளாகப் பார்க்கும், கிட்டத்தட்ட 1,700 துண்டுகள். தம்பியின் கணினி தன்னிடம் இல்லாத துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். ஒரு துண்டு போக உங்கள் வேகத்தில் அரை நிமிடம். லைன் அறுந்தால் அப்போது வழியில் இருந்த சில துண்டுகள்தான் வீண்.

இருவரும் Device ID பரிமாறிக்கொண்டு, வீடியோ இருக்கும் ஃபோல்டரைப் பகிர வேண்டும். உங்கள் பக்கம் Folder Type-ஐ Send Only என்று வையுங்கள். தம்பி அங்கே தவறி அழித்தாலும் உங்களிடம் அழியாது. அப்புறம் இரண்டு கணினியிலும் ஸ்லீப்பை நிறுத்துங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் துண்டு நகரும்.

இதற்கெல்லாம் தனி மென்பொருள் எதற்கு? கிளவுடில் பிரவுசர் வழியாக ஏற்றினாலும் நெட் வந்ததும் தானாகவே தொடருமே.

டேப் திறந்திருக்கும் வரை நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. டேப்பை மூடினாலோ கணினி ரீஸ்டார்ட் ஆனாலோ எதுவரை போனது என்பது பொதுவாக மறந்துபோகும். பதினைந்து மணி நேர வேலையில் அது நடக்கத்தான் செய்யும். ஆனால் கிளவுடுக்கு ஒரு நன்மை உண்டு: இரு பக்கமும் ஒன்றாக விழித்திருக்கத் தேவையில்லை. நேர வித்தியாசம் பெரிதாக இருக்கும் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

Syncthing-லும் ஏமாந்துவிட்டேன். 9 ஜிபி போயிருந்தது. தங்கை வெள்ளி இரவு கணினியை அணைத்துவிட்டு திங்கள்கிழமை திறந்தாள். பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது!

கஷ்டமாகத்தான் இருக்கும். பாதி வந்த ஃபைலை அது 24 மணி நேரம்தான் வைத்திருக்கும், அதைத் தாண்டினால் குப்பை என்று நினைத்து நீக்கிவிடும். வாங்குகிறவர் பக்கம், அதாவது தங்கையின் கணினியில், Actions, Advanced, Options என்று போய் Keep Temporaries H-ல் 24-ஐ 240 ஆக்குங்கள். பத்து நாள் தாங்கும்.

இன்னும் உறுதியாக வேண்டுமானால் 7-Zip மென்பொருளால் ஃபைலையே வெட்டி அனுப்புங்கள். முழுதாக வந்து சேர்ந்த துண்டு தனி ஃபைல், அதற்கு இந்தக் கெடு கிடையாது.

```
7z a -mx=0 -v500m veedu.7z veedu.mp4
```

`-mx=0` என்றால் சுருக்காதே என்று பொருள். வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான், மேலும் சுருக்கப் பார்த்தால் நேரம்தான் போகும். அங்கே எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்ததும் `.001` என்று முடிவதை 7-Zip-ல் திறந்தால் போதும்.

எனக்குப் பெரியப்பா இதே வழியில் அனுப்பினார். ஃபைல் முழு அளவு காட்டுகிறது, ஆனால் ஓடவில்லை. எந்தப் பிளேயர் நல்லது?

பிளேயரை விடுங்கள், முதலில் ஃபைலின் பெயரைப் பாருங்கள். பெயரில் syncthing என்றும் கடைசியில் `.tmp` என்றும் இருந்தால் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முழு அளவுக்கும் முதலிலேயே இடம் பிடித்து வைத்துவிடுவதால் அளவை நம்ப முடியாது. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பல கேமராக்கள் எம்பி4 ஃபைலின் கடைசியில் எழுதுகின்றன. அந்தக் கடைசித் துண்டு வராமல் முதல் நிமிடம்கூட ஓடாது.

பெயர் சரியாக இருந்தும் ஓடவில்லையா? விண்டோஸில் இருவரும் இதை ஓட்டி, வரும் நீண்ட எண்ணை ஒப்பிடுங்கள்.

```
certutil -hashfile veedu.mp4 SHA256
```

இரண்டும் ஒன்றாக இருந்தால் வந்து சேர்ந்ததில் குறையில்லை, பெரியப்பாவிடமே அது ஓடுகிறதா என்று கேளுங்கள்.

அனுப்பும்போது வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது.

அப்லோடு முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. Settings-ல் Outgoing Rate Limit-ஐ 180 என்று வையுங்கள். 2 எம்பிபிஎஸ் லைனில் காலுக்குக் கொஞ்சம் இடம் விடும். அனுப்பும் நேரம் இன்னும் ஐந்தாறு மணி நேரம் கூடும்.

அம்மாவிடம் ஐபோன் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு எப்படி?

இதற்கு நிறைவான பதில் என்னிடம் இல்லை. திரை அணைந்ததும் பின்னணியில் நடக்கும் வேலையை ஐபோன் சீக்கிரமே நிறுத்திவிடுகிறது. இப்போதைக்கு 500 எம்பி துண்டுகளாக இல்லாமல், வீடியோவையே பத்துப் பத்து நிமிடமாக வெட்டி, தனித்தனியாக ஓடுகிற ஃபைல்களாகக் கிளவுடில் போட்டுத் தருகிறேன். ஒன்று அறுந்தால் அது மட்டும் மறுபடி இறங்கும், மற்றதை அவர் பார்க்கத் தொடங்கிவிடலாம். இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.