ஆர்டர் செயலியில் சேமித்த முகவரிகளை அழித்தேன், பழைய ஆர்டர்களில் அப்படியே இருக்கின்றனவே?

கேள்வி: ஆர்டர் செய்யும் செயலியில் இருந்து சேமித்த முகவரிகளையும் பழைய ஆர்டர்களையும் முழுசாக அழிப்பது எப்படி? செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது.

செயலியை நீக்கினால் போனில் இருக்கும் நகல்தான் போகும். முகவரிகளும் ஆர்டர்களும் உங்கள் கணக்கோடு நிறுவனத்தின் சர்வரில் இருப்பதால், அதே போன் நம்பரில் உள்ளே நுழைந்ததும் மறுபடி வந்து நிற்கின்றன. போன் அமைப்பில் கேஷை அழித்தாலும் இதேதான்.

முகவரிகளை அழிப்பது எளிது. கணக்குப் பக்கத்தில் Addresses என்று இருக்கும் இடத்துக்குப் போய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு நீக்கலாம். ஒரு முகவரி மட்டும் நீங்க மறுத்தால், பெரும்பாலும் அது முதன்மை முகவரியாக இருக்கும், அல்லது அந்த முகவரிக்கு ஒரு ஆர்டர் இன்னும் வந்து சேராமல் இருக்கும். முதன்மையை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். போன வருடம் என் கணக்கைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். 11 முகவரிகள் இருந்தன. அதில் ஒன்று என் அத்தையுடையது. அவருக்கு உடம்பு முடியாமல் இருந்த நாட்களில் நான்தான் இங்கிருந்தே ஆர்டர் போட்டுக் கொடுப்பேன். அத்தனை முகவரிகளையும் நீக்கிவிட்டு, சரியாக நீங்கியதா என்று பார்க்க ஒரு பழைய ஆர்டரைத் திறந்தேன். அத்தையின் வீட்டு எண், போன் நம்பர், அதற்குக் கீழே டெலிவரி செய்பவருக்காக நான் எழுதிய குறிப்பு: “அவரால் எழுந்து வர முடியாது, சாவி பூந்தொட்டிக்கு அடியில்.” எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை வீட்டில் மூன்று பேர் வைத்திருந்தோம். அன்று மாலையே அத்தைக்குப் போன் செய்து சாவியை இடம் மாற்றச் சொன்னேன்.

ஏன் இப்படி என்றால், ஆர்டர் போட்ட அந்த நொடியில் முகவரி அந்த ஆர்டருக்குள் தனி நகலாகப் பதிவாகிவிடுகிறது. பில், வரிக் கணக்கு, பணம் திருப்பித் தருவது, புகார் என எல்லாவற்றுக்கும் நிறுவனத்துக்கு அந்த நகல் வேண்டும். முகவரிப் பட்டியலில் இருப்பதைத் திருத்தினாலும் நீக்கினாலும் அந்த நகல் மாறாது. அதனால் பொய்யான முகவரியாக மாற்றிவிட்டு அப்புறம் நீக்குகிற தந்திரமும் பழைய ஆர்டர்களிடம் பலிக்காது.

ஆர்டர்களை நீக்கும் வசதி சில செயலிகளில் உண்டு, சிலவற்றில் மறைக்க மட்டும் முடியும், பலவற்றில் எதுவுமே கிடையாது. செயலியில் கிடைக்காவிட்டால் பிரவுசரில் அதே தளத்தைத் திறந்து ஆர்டர் பக்கத்தைப் பாருங்கள். மறைத்த ஆர்டர் பட்டியலில் இருந்துதான் விலகும், கணக்கை விட்டுப் போகாது. வீட்டில் கூட இருப்பவர் கண்ணில் படாமல் இருக்க அது போதும். பாஸ்வேர்ட் தெரிந்தவர் தேடினால் எடுத்துவிடலாம்.

முழுசாகப் போக வேண்டும் என்றால் கணக்கையே அழிக்க வேண்டும். கணக்கு தொடங்க விடும் செயலிகள் உள்ளேயே அழிக்கும் வழியும் தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் பிளேயிலும் இப்போது அப்படி விதி உண்டு. அதனால் Delete Account அமைப்புகளுக்குள் எங்கோ இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள். Deactivate என்று இருப்பதைத் தொட்டுவிடாதீர்கள், அது தூங்கவைப்பது மட்டுமே. அழிக்கும் முன் வாலட்டில் உள்ள பணத்தைச் செலவழித்துவிடுங்கள், வர வேண்டிய ரீஃபண்ட் வரட்டும், உத்தரவாதத்துக்குத் தேவையான பில்களை இறக்கி வையுங்கள். பிறகு அவற்றைக் கேட்டு வாங்குவது கடினம். வரிக்காக நிறுவனம் வைத்துக்கொள்ளும் பில் பதிவு சில காலம் அங்கேயே இருக்கும், அதை நம்மால் தொட முடியாது.

அழித்த பின் சில நாள் அவகாசம் கொடுக்கும் செயலிகள் உண்டு. அந்த இடைவெளியில் ‘போயிற்றா’ என்று உள்ளே நுழைந்து பார்த்தால் அழிப்பு ரத்தாகிவிடலாம், எனவே கைவைக்காமல் விடுங்கள். அவகாசம் முடிந்ததும் அதே நம்பரில் நுழைந்து பாருங்கள். புதியவரைப் போலப் பெயர் கேட்டால் கணக்கு போய்விட்டது. பழைய ஆர்டர்கள் வந்து நின்றால் அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் அழிப்புக் கோரிக்கை அனுப்பி, பதிலைச் சேமித்து வையுங்கள்.

அப்புறம், ஆர்டர் உறுதி மெயில்களில் அதே முகவரி இருக்கும். உங்கள் மெயில் பெட்டியில் செயலியின் பெயரைத் தேடி அவற்றையும் மொத்தமாக நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.