ரத்த ஓட்டம் தெரிந்த விரையும் முறுக்கியிருக்கலாம்

"டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தால் டார்ஷன், அதாவது விரை முறுக்கு, இல்லை என்று எழுதிவிடலாமா? விரைக்கு ரத்தக்குழாய்களைக் கொண்டு போகும் கார்டில் சுழல் தெரியும் என்கிறார்கள், நான் இதுவரை பார்த்ததே இல்லை. அதை எங்கே தேடுவது?"

எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை எழுதினேன், அதனால்தான் இந்தப் பதில்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. ரேடியாலஜியில் முதலாம் ஆண்டு, இரவுப் பணி, சீனியர் போனை எடுக்கவில்லை, மேசையில் ஒரு பையன் சுருண்டு படுத்திருக்கிறான். நான் அப்போது இரண்டாம் ஆண்டு. பதினாறு வயதுப் பையன், இடது பக்கம் வலி, வந்தபோதே பத்து மணி நேரம் ஆகியிருந்தது. கலர் போட்டேன், விரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகச் சில புள்ளிகள் வந்தன. போதவில்லை என்று மெஷினின் உணர்திறனை, அதாவது கெயினை ஏற்றினேன், உள்ளேயும் புள்ளிகள் வந்தன. விரைக்கு மேலே, அதை ஒட்டிய குழாய்ச் சுருளான எபிடிடிமிஸ் பெரிதாக, கொழகொழவென்று வீங்கியிருந்தது. "எபிடிடிமோ ஆர்க்கைடிஸ், விரையில் ரத்த ஓட்டம் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தான். விரையை எடுத்துவிட்டார்கள்.

பேர் விவரங்களை மறைத்துவிட்டு அந்தப் படங்களைப் பல முறை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தப்பு. ஒன்று, கெயினை அந்த அளவுக்கு ஏற்றினால் எதிலும் கலர் வரும். என் படத்தில் விரைக்கு வெளியே இருந்த நீரிலும் அதே புள்ளிகள் மின்னுகின்றன. நீரில் ஏது ரத்த ஓட்டம்? இரண்டு, வீங்கிய எபிடிடிமிஸ் என்று நான் எழுதியது எபிடிடிமிஸ் மட்டும் இல்லை. முறுக்கிய கார்டே முடிச்சாகத் திரண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. தொற்றில் வீங்கிய எபிடிடிமிஸ் என்றால் கலர் போட்டவுடன் அது தகதகவென்று எரிய வேண்டும். என் படத்தில் அந்தக் கட்டி இருட்டாக இருக்கிறது. கண்ணெதிரே இருந்தது, நான் பார்க்கவில்லை.

ஓட்டம் ஏன் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது எளிது. ஈரத்துணியைப் பிழிவது போல கார்டு முறுக்கும்போது முதலில் நசுங்குவது சிரை. அதன் சுவர் மெலிது. தமனியின் சுவர் தடிப்பு, உள்ளே அழுத்தமும் அதிகம், அதனால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. விரை வீங்குகிறது, வீங்க வீங்கத் தமனியும் அடைபடுகிறது. முறுக்கு ஒரு சுற்றுக்குக் குறைவாக இருந்தால் இது மணிக்கணக்கில் இழுக்கலாம். விரையைக் காப்பாற்ற நமக்கு இருப்பது ஏறக்குறைய முதல் ஆறு மணி நேரம். டாப்ளரில் ஓட்டம் தெரிந்து நம்மை ஏமாற்றுவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் என்று யாராவது கமெண்டில் வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 2007ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று வெளியானது. அதில் அறுவையில் டார்ஷன் உறுதியான 208 பேரில் நூற்றுக்கு 24 பேருக்குக் கலர் டாப்ளரில் ஓட்டம் சாதாரணமாகவோ கூடுதலாகவோ இருந்தது. அதே பிள்ளைகளில் கார்டைப் பின்தொடர்ந்து பார்த்தபோது நூற்றுக்கு 96 பேரிடம் முறுக்கு நேரடியாகத் தெரிந்தது.

சரி, எங்கே தேடுவது? இதற்கு இன்னொரு பையனைச் சொல்ல வேண்டும்.

பதிமூன்று வயது. விடிகாலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்து இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கிறான். வீட்டில் ஓமத்தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எங்கே வலி என்று அம்மாவிடம் சொல்ல வெட்கம். ஏழரைக்கு கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் டிரவுசரை இறக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. எட்டேகாலுக்கு என்னிடம் வந்தான்.

நான் உள்ளே போனதும் அப்பா கேட்டார், "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாருங்க?"

"நான்தாங்க டாக்டர்."

"ஆம்பள டாக்டர் யாரும் இல்லீங்களா?"

அந்தப் பையனின் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஒரு துண்டைப் போர்த்தி, மேலே சுவரைப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடுவான். ஆனால் பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், வாரத்துக்கு நாலு பேராவது சிஸ்டர் என்கிறார்கள். சிஸ்டர் என்பது வசவு இல்லை, என் அத்தை நாற்பது வருடம் நர்ஸாக இருந்தவர். பக்கத்து அறையில் என்னைவிட ஆறு வயது இளையவன், எக்ஸ்ரே டெக்னீஷியன், அவனைப் பார்த்ததும் "டாக்டர் சார்" என்று எழுந்து நிற்கிறார்கள். அவனும் மறுப்பதில்லை. அன்றைக்கு இந்தப் பேச்சில் போனது ஆறு நிமிடம். விடுங்கள், கேள்விக்கு வருகிறேன்.

வலிக்காத பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். அது மரியாதைக்காக இல்லை, மெஷினைச் சரிசெய்யத்தான். விரையில் ஓட்டம் மெதுவானது, அதனால் கலர் ஸ்கேலை வினாடிக்கு 5 செ.மீ.க்குக் கீழே கொண்டு வாருங்கள், மெதுவான ஓட்டத்தை வடிகட்டிவிடும் வால் ஃபில்டரைக் குறையுங்கள். கெயினை ஏற்றிக்கொண்டே போய் இரைச்சல் புள்ளிகள் தோன்றியதும் ஒரு படி இறக்குங்கள். அவனுக்கு வலது பக்கம் நல்ல பக்கம். இப்படி வைத்ததும் விரை முழுக்கக் கிளை கிளையாகக் கலர் வந்தது. அதே அமைப்பை ஒரு பொத்தான்கூட மாற்றாமல் இடது பக்கம் கொண்டு போனேன். நல்ல பக்கத்தில் நன்றாக வந்து, கெட்ட பக்கத்தில் ஒன்றுமே வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. இரண்டு பக்கமும் வரவில்லை என்றால் அது மெஷினின் குறை, அல்லது மிகச் சின்னப் பையனின் விரை. அதில் இயல்பாகவே ஓட்டம் பிடிபடாமல் போகலாம். புரோபை அழுத்தாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பையனே சொல்வான்.

இடது விரை கொஞ்சம் பெரிதாக இருந்தது. உள்ளமைப்பு சீராகவே இருந்தது, அது நல்ல செய்தி. திட்டுத்திட்டாகக் கருத்திருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். நடுவில் கலர் மூன்று நாலு இடத்தில் துடித்தது. முந்தைய நானாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அந்தப் புள்ளி ஒன்றில் அலையை எடுத்துப் பார்த்தேன். வலது பக்கத்தில் இதயம் தளரும் நேரத்திலும் அலை கோட்டுக்கு மேலே சாவகாசமாக ஓடியது. இடது பக்கத்தில் ஒரு குத்து எழும்பியது, உடனே கோட்டில் விழுந்தது. உள்ளே போகும் ரத்தம் சுவரில் மோதுவது போல.

அப்புறம் புரோபை விரையில் இருந்து எடுத்து இடுப்பு மடிப்புக்குக் கொண்டு போனேன். இதுதான் உங்கள் கேள்விக்கான இடம். சுழலை விரையில் தேடக்கூடாது. கார்டு வயிற்றுச் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் அதைக் குறுக்காகப் பிடியுங்கள். ஒரு வட்டத்துக்குள் சின்னச் சின்னக் கருப்புத் துளைகளாக ரத்தக்குழாய்கள் தெரியும். அந்த வட்டத்தைத் திரையின் நடுவில் விடாமல் வைத்துக்கொண்டு, விரை வரும்வரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே இறங்குங்கள். முறுக்கு இல்லை என்றால் அந்தத் துளைகள் அதே ஒழுங்கில் கடைசிவரை வரும். அவனுக்கு விரைக்கு இரண்டு செ.மீ. மேலே வட்டம் திடீரென்று பெருத்தது. உள்ளே வளையத்துக்குள் வளையம், நத்தையின் ஓட்டைக் குறுக்கே வெட்டியது போல. நிறுத்திய படத்தில் அது வெறும் வளையம்தான். புரோபை மேலும் கீழும் நகர்த்தியபோது திரையில் அது சுழன்றது, வாஷ்பேசினில் தண்ணீர் வடிவது போல. கலர் போட்டதும் மேல் பகுதியில் குழாய்கள் வளைந்து சுற்றுவது தெரிந்தது, முடிச்சுக்குக் கீழே மங்கியது.

ஒரு எச்சரிக்கை. விரிந்து சுருண்ட சிரைகள் உள்ளவர்களிடம் நிறுத்திய படத்தில் சுழல் போலவே தெரியும். ஆனால் அவை புழுக்கூட்டம் போலத் தனித்தனியாக நெளியும், கார்டு முழுக்க ஒரே அச்சைச் சுற்றித் திரும்பாது. அதனால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒற்றைப் படத்தை அனுப்பி "மேடம், இது சுழலா?" என்று கேட்காதீர்கள். வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

ரிப்போர்ட் அடிக்கவில்லை. அங்கே இருந்தே சர்ஜனுக்குப் போன் செய்தேன். ஒன்பதே முக்காலுக்குத் திறந்தார்கள். ஒரு முழுச் சுற்று, விரை கருநீலம். முறுக்கை அவிழ்த்து வெதுவெதுப்பான சலைன் துணியில் சுற்றி வைத்துக் காத்திருந்தார்கள், நிறம் திரும்பியது. இரண்டு பக்கமும் தைத்து நிலைநிறுத்தினார்கள். விரை மணியின் நாக்கு போலத் தொங்கும் அமைப்பு ஒரு பக்கம் இருந்தால் பெரும்பாலும் மறுபக்கமும் இருக்கும்.

இப்போது யூராலஜிஸ்ட் யாராவது வந்து, இதற்கெல்லாம் ஸ்கேனே வேண்டாம், நேராகத் தியேட்டர்தான் என்பார். ஒப்புக்கொள்கிறேன். தொட்டுப் பார்த்தே தெளிவாகத் தெரியும் பையனை என் அறை வாசலில் உட்காரவைப்பது குற்றம். நான் பேசுவது சந்தேகத்தில் அனுப்பப்படும் பையன்களைப் பற்றி. சுழல் இல்லை என்பதாலும் முழுதாக விடுதலை கிடையாது. பிறந்த குழந்தையில் முறுக்கு இன்னும் மேலே இருக்கலாம், தேடியும் கிடைக்காது. வழியிலேயே தானாக அவிழ்ந்திருந்தாலும் சுழல் இருக்காது. அப்போது ஓட்டம் வழக்கத்தைவிட அதிகமாகப் பாய்ந்து, தொற்று போலவே தெரியும். அதனால் "வலி திடீரென்று நின்றதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த இரண்டாம் ஆண்டு இரவுக்குப் பிறகு என் ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடியிருக்கிறது: "கார்டு இடுப்பு மடிப்பில் இருந்து விரை வரை தொடர்ந்து பார்க்கப்பட்டது." எதையும் உறுதியாகச் சொல்லாத கூட்டம் என்று ரேடியாலஜிஸ்டுகளைக் கிண்டல் செய்யும் எங்கள் சர்ஜன், இப்போது அந்த வரி இல்லாத ரிப்போர்ட்டை ஜூனியரிடம் திருப்பி அனுப்புகிறார்.