முக்கியமானவர் வர முடியாதபோது கூட்டத்தைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வது எப்படி?

கேள்வி: இன்னும் இரண்டு மணி நேரத்தில் மீட்டிங். ஒப்புதல் தர வேண்டியவரே வர முடியாது என்கிறார். நடத்திவிடலாமா, ரத்து செய்யலாமா? செய்தால் எல்லோருக்கும் எப்படிச் சொல்வது?

பதில்:

வர முடியாதவருக்கு முதலில் ஒரு போன் போடுங்கள். மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. இரண்டே விஷயம் கேட்டால் போதும்: உங்களுக்குப் பதில் வேறு யாராவது ஒப்புதல் தரலாமா? இல்லையென்றால் கடைசிப் பத்து நிமிடம் போனிலாவது சேர முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் ரத்துதான். அதே போனிலேயே அவருக்குச் சரிப்படும் வேறு இரண்டு நேரங்களையும் வாங்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டால், மற்ற எல்லோரிடமும் தேதி கேட்டு முடித்த பிறகு, அந்தத் தேதியிலும் அவர் இல்லை என்று தெரியவரும்.

வந்தவர்களை வைத்துப் பேசலாமே என்று தோன்றும். வராதவர் தகவல் மட்டும் தர வேண்டியவர் என்றால் தாராளமாகப் பேசலாம், குறிப்பை எழுதி அனுப்பச் சொன்னால் முடிந்தது. முடிவெடுப்பவர் இல்லாமல் நடத்தினால், அதே விளக்கத்தை அவருக்காக இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். அதைவிடப் பெரிய சிக்கல், தான் இல்லாதபோதே பேசி முடித்துவிட்டார்கள் என்று அவர் நினைப்பது. பிறகு நல்ல யோசனைக்குக்கூட முட்டுக்கட்டை விழும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இரண்டு சப்ளையர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மாலை 3 மணிக்கு மீட்டிங். 1 மணிக்கு நிதிப் பிரிவுத் தலைவர் வரவில்லை என்கிறார். வெளியிலிருந்து இருவர் வர வேண்டும். ரத்து செய்யும் அவசரத்தில் பலர் பார்க்க மறப்பது, அந்த மீட்டிங்கை நம்பி வேறு என்ன கெடு நிற்கிறது என்பதை. இங்கே இரண்டு சப்ளையர்களின் விலைகளும் வெள்ளிக்கிழமை வரைதான் செல்லும். ஆகவே மீட்டிங்கைத் தள்ளுவதோடு, விலையை ஒரு வாரம் நீட்டித்துத் தர முடியுமா என்று அன்றே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். வாய்வார்த்தையாகச் சரி என்றதை நம்பி உட்கார்ந்தால், அடுத்த வாரம் புது விலை வந்து நிற்கும்.

இனி யாருக்கு முதலில் சொல்வது? வழியில் இருப்பவர்களுக்கு, அதுவும் போனில். வண்டி ஓட்டுபவர் மெயில் பார்க்க மாட்டார். அடுத்தது காலண்டர். அவுட்லுக்கில் Cancel Meeting கொடுத்து Send Cancellation அனுப்பினால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அப்படி அனுப்பியும் அவர்கள் நீக்கும்வரை அவர்கள் காலண்டரில் Canceled என்ற அடைமொழியோடு அது அங்கேயே நிற்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூகுள் காலண்டரில் நீக்கும்போது விருந்தினர்களுக்கு மெயில் அனுப்பவா என்று கேட்கும். அங்கே Don't send அழுத்திவிட்டால் சத்தமில்லாமல் காணாமல் போகும். வாராவாரம் நடக்கும் மீட்டிங் என்றால் This event மட்டும் தேர்ந்தெடுங்கள். All events கொடுத்தால் மொத்தத் தொடரும் போய்விடும்.

அப்புறம் குழுவுக்குச் செய்தி. ரத்து என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும். போனில் நோட்டிபிகேஷனாகப் பார்ப்பவர் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவார். மேலே சொன்ன மீட்டிங்குக்கு நான் இப்படி எழுதுவேன்:

"இன்று மாலை 3 மணி மீட்டிங் ரத்து. நிதிப் பிரிவுத் தலைவர் இன்று வர முடியவில்லை, அவர் ஒப்புதல் இல்லாமல் சப்ளையரை முடிவு செய்ய இயலாது. அடுத்த வாரம் புதன் காலை 11 அல்லது வியாழன் மாலை 4, உங்களுக்கு எது சரிப்படும் என்று இன்று 5 மணிக்குள் சொல்லுங்கள். விலை நீட்டிப்பு கேட்டிருக்கிறோம். தயாரித்த விளக்கத்தை அப்படியே வைத்திருங்கள், மாற்ற வேண்டாம்."

அவருக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் பிரச்சினை என்றெல்லாம் காரணம் எழுதாதீர்கள். அதைச் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். வெளியாட்களுக்குத் தனியாக ஒரு மெயில் போதும், உள்விவரம் வேண்டாம், ஒரு வரி வருத்தம் மட்டும் சேருங்கள். "தள்ளிவைக்கப்பட்டது, தேதி பின்னர்" என்பதை மட்டும் நான் எழுதவே மாட்டேன். யாரும் எதையும் குறித்துக்கொள்ள முடியாத வாக்கியம் அது.

அழைப்பிதழ்ப் பட்டியலில் இல்லாதவர்களும் உண்டு. யாரோ சாட்டில் லிங்க்கை ஒட்டியிருப்பார்கள், யாரோ வாய்வழியாக இன்னொருவரைக் கூப்பிட்டிருப்பார்கள். காலண்டர் ரத்து இவர்களுக்குப் போகாது. 3 மணிக்கு நீங்களோ வேறொருவரோ அந்த லிங்க்கில் ஒரு பத்து நிமிடம் இருந்து, வருபவர்களுக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள்.