‘ஆல்’ முன்னால் வர வேண்டும்

அன்புள்ள ஐயா,

தாராவியில் அப்பாவின் தோல்பை பட்டறையை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அந்தேரியில் ஒரு கம்பெனி, தீபாவளிப் பரிசுக்காக 500 லேப்டாப் பைகள் கேட்டது. 1,150 ரூபாய் சொன்னேன். 50 குறைக்கச் சொன்னார்கள். நல்லபடியாகத் தொடங்கட்டும் என்று உடனே 25 குறைத்தேன். அடுத்து 45 நாள் கடன் கேட்டார்கள், சரி என்றேன். பையில் கம்பெனி பெயரை இலவசமாக எம்பாஸ் செய்யச் சொன்னார்கள், அதற்கும் சரி என்றேன். இப்போது இன்னும் 15 குறைக்கச் சொல்கிறார்கள். முதலிலேயே விலையை ஏற்றிச் சொல்லியிருக்க வேண்டுமா? இதற்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா? நிபந்தனை போட்டுப் பேசினால், வந்த லட்சுமியை விரட்டுகிறாய் என்று அப்பா வருத்தப்படுகிறார்.

ம., தாராவி

அன்புள்ள ம.,

புத்தகம் கிடக்கட்டும். விலையை ஏற்றிச் சொல்வதும் பெரிய விஷயமில்லை. 1,250 என்று தொடங்கியிருந்தாலும் இதே வழியாக இதே இடத்துக்குத்தான் வந்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தில் ‘சரி என்றேன்’ இரண்டு முறை வருகிறது. அதற்கு முன்னால் ஒரு ‘உடனே’. அந்த மூன்று இடத்திலும் பதிலுக்கு எதையுமே கேட்கவில்லை. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாமாவுக்குப் பட்டறை இருந்தது. கல்லூரி விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். மாமாவின் கட்டைவிரல் நகத்தில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். சேட்டு வந்து உட்கார்ந்தால் அதைச் சுரண்டிக்கொண்டே பேசுவார். சேட்டு விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கட்டிங் சாயாவைக் குடிப்பார். அந்த மௌனத்தை மாமாவால் தாங்க முடியாது. “சரி சேட், இருபது குறைச்சுக்கிறேன்” என்று தானே சொல்லிவிடுவார். சேட்டு அதற்கு நன்றி சொல்லிப் பார்த்ததே இல்லை. இருபது தானாக வந்ததென்றால் உள்ளே இன்னும் இருக்கும் என்றுதான் அவர் நினைப்பார். உங்களிடம் இன்னும் 15 கேட்கிறார்களே, காரணம் இதுதான் தம்பி. நீங்கள் முதலில் குறைத்த 25, உங்கள் விலையில் அவ்வளவு காற்று இருந்தது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டது.

அத்தை வேறு மாதிரி. கணக்கு நோட்டு அவளிடம்தான். ஒருமுறை ஒரு சேட்டு, கறுப்பு, பழுப்பு, டான் என்று மூன்று நிறத்தில் பை கேட்டார். பெயரும் இலவசமாக அடித்துத் தர வேண்டும் என்றார். மாமா வாயைத் திறப்பதற்குள் அத்தை உள்ளேயிருந்து சொன்னாள்: “ஏக் ஹி கலர் லேகா தோ, நாம் ஃபிரீ.” ஒரே நிறம் எடுத்தால், பெயர் இலவசம். மூன்று நிறமென்றால் ஒவ்வொரு நிறத்திலும் துண்டு மிஞ்சும், மெஷினில் நூல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எம்பாஸுக்கு அச்சு செய்யும் செலவு ஒரே தடவைதான். சேட்டுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை, பெயர்தான் வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு “காலா” என்றார். கறுப்பு.

அத்தை வாக்கியத்தை எப்படித் தொடங்கினாள் என்று பாருங்கள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. “பெயர் இலவசமாக அடித்துத் தருகிறேன், ஆனால் ஒரே நிறம் எடுக்க வேண்டும்” என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ‘தருகிறேன்’ காதில் விழுந்ததுமே அது அவர் பைக்குள் போய்விடும். ‘ஆனால்’ என்று நீங்கள் தொடங்கும்போது, கொடுத்ததைப் பிடுங்க வந்தவராகத் தெரிவீர்கள். நம் தமிழில் இயல்பாகவே நிபந்தனைதான் முதலில் வரும். ‘எடுத்தால் தருகிறேன்’ என்கிறோம். எடுத்தால் என்று கேட்ட பிறகுதான் எதிரில் இருப்பவர் தருவதைக் கேட்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் அவரிடம் போய்ச் சேருகின்றன. இப்படி ஒரு ‘ஆல்’ கையில் இருக்க, விலை பேசும்போது மட்டும் அதை ஏன் விட்டுவிடுகிறோம்?

வெறும் ‘ஆல்’ மட்டும் போதாது. “பார்த்துச் செய்தால் நானும் பார்த்துச் செய்கிறேன்” என்பதில் எதுவுமே இல்லை. இரண்டு பக்கமும் எண் வேண்டும். உங்கள் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். தோல், கூலி எல்லாம் சேர்த்து பைக்கு 900 ரூபாய் கைக்காசு என்றால் 500 பைக்கு 4,50,000. மாதம் 2 வட்டிக்குப் புரட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டெலிவரிக்குப் பிறகு 45 நாள் காத்திருந்தால் வட்டி மட்டும் 13,500. அதே 25 ரூபாயை இப்படிக் கொடுத்திருக்கலாம்: “பாதித் தொகை இப்போதும் மீதி டெலிவரி அன்றும் கொடுத்தால், பை 1,125.” அந்த 13,500 மிச்சம். தோல் வாங்கும் அன்றே 2,81,250 கையில் இருப்பதால், பை தைக்கும் ஒரு மாதத்துக்கு இன்னும் 5,600 வட்டி மிச்சம். மொத்தம் 19,000 சொச்சம். குறைத்ததோ 12,500தான்.

அவர்கள் ஏமாந்தார்களா? இல்லை. அந்தக் கம்பெனிக்கு வங்கியில் வருடத்துக்கு 9 சதவீதத்தில் பணம் கிடைக்கிறது என்றால், முன்கூட்டிக் கொடுப்பதால் அவர்களுக்கு ஆகும் செலவு 8,500-ஐத் தாண்டாது. விலையில் அவர்களுக்குக் குறைவது 12,500. உங்களுக்குக் கழுத்தை நெரிக்கிற 45 நாள் அவர்களுக்கு ஒரு கொசுக்கடி. இப்படி உங்களுக்குப் பெரிதாகவும் எதிராளிக்குச் சிறிதாகவும் இருப்பது எது என்று பேசப் போவதற்கு முன்பே நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை எழுதி வைத்திருப்பாள்.

பதிலுக்கு எதையும் கேட்கக் கூடாத இடமும் உண்டு. தையல் பிரிந்த பையைத் திருப்பி அனுப்பினால் அதைப் பேரம் பேசாமல் மாற்றித் தர வேண்டும், அது நம் கடன். அதேபோல், ஏற்கெனவே உங்களுக்கு உரியதை விலை கொடுத்து வாங்கக் கூடாது. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உள்ள பட்டறைக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. நாளை யாராவது 90 நாள் கேட்டால், அதை 45 ஆக்க நீங்கள் விலையைக் குறைத்துத் தொலைக்காதீர்கள். பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே செய்யுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள், அத்தை ஒரு சேட்டையும் விரட்டியதில்லை. ‘முடியாது’ என்று அவள் சொல்லியே நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் தரலாம் என்பாள், அதோடு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவாள்.

கொடுத்த 25-ஐயும் பெயரையும் இனி திரும்பக் கேட்க முடியாது. மிச்சம் இருப்பது இந்த 15தான். போனில் இப்படிச் சொல்லுங்கள்: “முழுத் தொகையும் டெலிவரி அன்றே கொடுத்தால், 1,110.” அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் பேசும் வரை நீங்கள் பேசக் கூடாது. 7,500 குறைத்து 13,500 மிச்சம் பிடிக்கிறீர்கள். அவருக்குத் தோதுப்படவில்லை என்றால் 1,125, 45 நாள், அப்படியே இருக்கட்டும். “சரி, 1,110 போட்டுக்கோங்க, பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றால், “ரெண்டும் சேர்ந்துதான் சார்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அன்று சாயங்காலமே இரண்டு பாதியையும் ஒரே வரியில் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் வந்ததும் விலையை மட்டும் பார்க்காமல் கீழே பேமென்ட் வரியையும் படியுங்கள். மேலே 1,110, கீழே 45 நாள் என்று இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். திருத்தி வரும் வரை தோலில் கத்தி வைக்க வேண்டாம்.