தீபாவளிக்குப் பிறகு கடை ஆட்களுக்குக் கொடுக்கும் கவர்

கேள்வி: தீபாவளி வாரம் முடிந்து கடை ஆட்கள் எல்லாரும் அசந்துபோயிருக்கிறார்கள். நன்றி சொல்லி ஒரு சின்னக் கடிதமும் கொஞ்சம் பணமும் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். எப்படி எழுதுவது, யாருக்கு எவ்வளவு கொடுத்தால் நியாயமாக இருக்கும்?

உங்களுடையது பதினைந்து, இருபது பேர் வேலை பார்க்கும் கடை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் எங்கள் முதலாளி கொடுக்கும் கவருக்குக் கணக்குப் போடுவதும், கடிதத்துக்கு விவரம் சேகரித்துத் தருவதும் என் வேலை. எழுதுவது மட்டும் அவர் கையெழுத்தில்தான்.

முதலில் ஒன்று. இந்தப் பணத்தை போனஸ் என்று சொல்லாதீர்கள். போனஸ் வேறு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது சட்டப்படி தரவேண்டியது, சட்டம் சொல்லும் சம்பள உச்சவரம்புக்குள், வருடச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம். அதற்குக் குறைவான ஆட்கள் இருந்தாலும் எங்கள் பக்கத்தில் தீபாவளி போனஸ் இல்லாமல் கடை நடத்த முடியாது. அது பண்டிகைக்கு முன்னாலேயே கைக்குப் போய்விட வேண்டும். ஊருக்கே துணி எடுத்துக் கொடுக்கிற பெண், தன் பிள்ளைக்கு கடைசி ராத்திரி மிச்சம் கிடக்கிற சைஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது இல்லையா. ராத்திரி கூடுதலாக நின்றதற்கான ஓவர்டைமும் தனி, அது இரட்டைச் சம்பளக் கணக்கு. இந்த இரண்டையும் தீர்த்த பிறகு கொடுப்பதுதான் நன்றிப் பணம். பண்டிகை போனஸ் என்று கொடுத்ததைப் பின்னால் சட்டப்படியான போனஸில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, ஆட்களுக்கும் அது தெரியும். அதனால் நாங்கள் கடிதத்திலேயே "இது போனஸில் சேராது, எதிலும் கழிக்க மாட்டோம்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறோம். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பணத்தை மனசாரச் சட்டைப்பையில் வைக்கிறார்கள்.

இப்போது யாருக்கு எவ்வளவு. நிறைய கடைகளில் விற்பனைத் தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பட்டுப் பிரிவில் நிற்பவர் திருபுவனம் பட்டு இரண்டு விற்றாலே ரசீதில் பெரிய தொகை ஏறிவிடும். அவருக்கு ஏற்கெனவே இன்சென்டிவ் இருக்கிறது. ரவிக்கை பிட் வெட்டும் அக்கா நாள் முழுக்க கை ஓயாமல் வெட்டினாலும் ஒரு பட்டுப்புடவை விலை வராது. குடோனில் மூட்டை பிரித்து விலைச்சீட்டு ஒட்டும் தம்பிக்கும், வாசலில் தரை துடைக்கும் அம்மாவுக்கும் ரசீதே கிடையாது.

நாங்கள் பிரிக்கும் விதத்துக்கு ஒரு உதாரணம். 16 பேர், ஒதுக்கிய தொகை 40,000 ரூபாய் என்று வையுங்கள். முதலில் எல்லாருக்கும் சமமாக 1,500. அதில் 24,000 போய்விடும். மீதி 16,000-ஐ வருகைப் பதிவேட்டை வைத்துப் பிரிப்போம். ராத்திரி பத்துக்கு மேல் நின்றது ஒரு பங்கு, காலையில் கடை திறக்கும் முன்னால் வந்து மூட்டை பிரித்ததும் அதே ஒரு பங்கு. அந்த வாரத்தில் மொத்தம் 80 பங்கு வந்தால் ஒரு பங்குக்கு 200 ரூபாய். ஏழு நாளும் நின்றவருக்கு 2,900. இரண்டு நாள் மட்டும் நின்றவருக்கு 1,900. காலைக் கணக்கைச் சேர்ப்பது முக்கியம். வலங்கைமான் பக்கத்திலிருந்து வரும் பெண்களால் கடைசி பஸ்ஸை விட முடியாது, ஆனால் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து நிற்பது அவர்கள்தான். ராத்திரியை மட்டும் எண்ணினால் பணம் முழுக்க உள்ளூர் ஆண்களுக்கே போய்விடும். சீசனுக்கு வந்த கல்லூரிப் பையன்களையும் இந்த 16-இல் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்கள் தீபாவளிக்கு அப்புறம் கடைக்கு வரமாட்டார்கள், அதனால் கடைசி நாள் சம்பளத்தோடு கவரையும் கொடுத்துவிட வேண்டும். பிறகு தரலாம் என்று விட்டால் அது போய்ச் சேராது.

பங்கு எப்படி வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவோம். "ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு என்று தெரிந்தால் சண்டை வரும்" என்று சிலர் சொல்வார்கள். எங்கள் கடையில் இதுவரை வரவில்லை. கணக்கை மறைத்து வைக்கும் இடத்தில்தான் பேச்சு கிளம்புகிறது.

கடிதம். "உங்கள் அயராத உழைப்புக்கும் அர்ப்பணிப்புக்கும்" என்று அச்சடித்து எல்லாருக்கும் ஒன்றே கொடுக்காதீர்கள். மூன்று நாலு வரி போதும், ஆனால் அந்த ஆள் அந்த வாரம் செய்த ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும். பிட் அக்காவுக்கு எங்கள் முதலாளி எழுதியது இது:

"அக்கா, கடைசி மூன்று நாளும் உங்கள் பக்கம் கூட்டம் குறையவே இல்லை. அந்தக் கூட்டத்திலும் புடவையையும் பிட்டையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டுபோய் வைத்துப் பார்த்துத்தான் வெட்டினீர்கள். மேட்சிங் சரியில்லை என்று ஒருவர்கூட திரும்பி வரவில்லை. ரொம்ப நன்றி அக்கா."

டியூப்லைட்டில் மெரூனும் அரக்கும் ஒன்றாகத் தெரியும். வெட்டிய பிட்டைத் திருப்பி எடுக்க முடியாது, கடைக்குத்தான் நஷ்டம். குறுவை நெல் பணம் கைக்கு வந்த வீடுகள் எல்லாம் கடைசி நாட்களில் மொத்தமாக வந்து இறங்கும் நேரத்தில், ஒவ்வொரு பிட்டுக்கும் வாசல்வரை நடப்பது சின்ன வேலை இல்லை. அதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதுதான் அந்தக் கடிதம்.

தரை துடைக்கும் அம்மாவுக்கு எழுதியதில், ஐப்பசி மழையில் வாசல் சாக்கு நனைய நனைய அவர் மாற்றிக்கொண்டே இருந்ததும், வெள்ளை வேட்டிக் கட்டு ஒன்றில்கூட சேறு படாததும் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. முதலாளியே எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டிக் கையில் கொடுத்தார்.

கடிதத்தில் போடக்கூடாதது இரண்டு. "அடுத்த வருடமும் இதேபோல்" என்ற வரி ஒன்று, அது நன்றி இல்லை, வேலை சொல்வது. இன்னொன்று, தொகை குறைவு என்று மன்னிப்புக் கேட்பது. கேட்டால் அவர்கள் "பரவாயில்லை சார்" என்று நமக்கு ஆறுதல் சொல்லவேண்டி வரும்.

இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. இங்கே சேரும் முன் வேறு ஊரில் ஒரு பெரிய கடையில் விற்பனையில் இருந்தேன். பண்டிகை வாரம் முழுக்க நின்றே இருப்போம், கால் வீங்கிச் செருப்பு நுழையாது. முடிந்ததும் அச்சடித்த வாழ்த்து அட்டையும் அரைக்கிலோ ஸ்வீட் பாக்ஸும் கொடுப்பார்கள், அட்டையில் பெயர்கூட இருக்காது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கும் ஸ்டூலை வாங்கிக் குடோனில் அடுக்கி வைத்துவிட்டு, ஆள் உட்கார்ந்தால் முறைக்கும் கடைகள் இருக்கின்றன. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் கடையில் ஸ்டூல் இல்லையென்றால் கவருக்கு முன்னால் அதை வாங்கிப் போடுங்கள்.

"நூறு பேர் இருக்கும் கடையில் யாரால் தனித்தனியாக எழுத முடியும்" என்று கேட்பவர்களுக்கு: பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் இருப்பார் இல்லையா, அவர் தன் ஆட்களுக்கு எழுதட்டும். ஆளைப் பற்றி எழுத ஒரு வரிகூட அவருக்குத் தோன்றவில்லை என்றால், அதையும் முதலாளி தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு கடிதத்தையும் மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தீபாவளிக்கு எழுத உட்காரும்போது முதலில் அதைப் பார்க்க வேண்டும். போன வருடக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு, அதே வரி திரும்ப வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.