பேங்க்ல புடிச்ச இன்சூரன்ஸ் உங்க சைட்டுக்கு உதவாது

கேள்வி: மதுரை பக்கத்துல 1,400 சதுர அடியில வீடு கட்ட ஆரம்பிக்கிறோம். மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட், பொருள் எல்லாம் நாங்களே வாங்கிக் குடுக்கிறோம். லோன் போடும்போதே பேங்க்ல இன்சூரன்ஸ்னு ஒரு தொகை புடிச்சிட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரர் சம்ப்புக்குப் பள்ளம் தோண்டினா என் செவுரு போயிரும்னு தகராறு பண்றார். தீ, திருட்டு, வேலையாள் கீழ விழுறது, பக்கத்து செவுரு, இதுக்கெல்லாம் அந்த பேங்க் இன்சூரன்ஸ் போதுமா சார்?

பதில்: போதாது சார். மொதல்ல அந்த பாலிசிய எடுத்து, யாருக்கு இன்சூரன்ஸ்னு போட்டிருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் அது உங்க உயிருக்கு எடுத்த பாலிசியாத்தான் இருக்கும், அதாவது நீங்க இறந்துட்டா மிச்ச லோனை அது கட்டும், அவ்வளவுதான். சைட்ல தீ புடிச்சாலும் கம்பி திருடு போனாலும் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. லோன் ஆபீசர் "இன்சூரன்ஸ் போட்டாச்சு சார், கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி, சில சமயம் அந்த பிரீமியத்தையும் லோன்லயே சேர்த்து, அதுக்கும் இருபது வருஷம் வட்டி வாங்குறாங்க. லோன் வேணும்னா இதை எடுத்தே ஆகணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகலைன்னா, வேண்டாம்னு எழுதிக் குடுத்துத் திருப்பலாம். வெச்சுக்கிறதா வேண்டாமான்னு குடும்ப நிலைமையப் பார்த்து முடிவு பண்ணிக்கோங்க, உயிருக்கு கவர் இருக்கிறது தப்பில்ல, ஆனா வீடு கட்டுறதுக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு மட்டும் நினைச்சிராதீங்க.

உங்களுக்கு வேண்டியது ரெண்டு பாலிசி. ஒண்ணு கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க், சுருக்கமா சி.ஏ.ஆர். பேர்ல கான்ட்ராக்டர் இருந்தாலும் ஓனரும் எடுக்கலாம், உங்க பேரும் மேஸ்திரி பேரும் சேர்ந்து இருக்கிற மாதிரி எடுக்கணும். தீ, மழை வெள்ளம், கட்டின பாகம் இடிஞ்சு விழுறது, சைட்ல இருக்கிற பொருள் திருட்டு எல்லாம் இதுல வரும். வெளியாளுக்கும் வெளியாள் சொத்துக்கும் நம்மால ஆன சேதம் அதுலயே ரெண்டாவது பகுதி. இன்னொண்ணு வேலையாட்களுக்கான எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசி, பழைய ஆட்கள் வொர்க்மேன் காம்பென்சேஷன்னு சொல்வாங்க. வீட்டுக்கான தீ விபத்து பாலிசின்னு ஏஜென்ட் ஒண்ணை நீட்டுவார், பிரீமியம் ரொம்ப கம்மியா இருக்கும், அது கட்டி முடிச்சு குடியிருக்கிற வீட்டுக்கு, பாதி எழும்பின செவுத்துக்கு இல்ல. கிளெய்ம் வர்ற அன்னிக்குத்தான் அந்த விஷயம் தெரியும்.

சி.ஏ.ஆர் எடுக்கும்போது உங்களை மாதிரி லேபர் கான்ட்ராக்ட்காரங்க விழுற குழி ஒண்ணு இருக்கு. எவ்வளவு தொகைக்குன்னு கேப்பாங்க. ஏஜென்ட் பிரீமியம் கம்மியா காட்டணும்னு மேஸ்திரியோட ஒப்பந்தத் தொகைய மட்டும் எழுதுவார். ஆனா பாலிசி கேக்கிறது வீடு முடியுறப்போ ஆகுற மொத்த மதிப்பு, கூலி, நீங்க வாங்குற சிமெண்ட், கம்பி, செங்கல், வண்டி வாடகை எல்லாம் சேர்த்து. உதாரணத்துக்கு மொத்தம் 35 லட்சம் ஆகும்னு வெச்சுக்கோங்க, மேஸ்திரி கூலி 7 லட்சம், அந்த 7 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருக்கீங்க. நாளைக்கு மழையில 2 லட்சத்துக்கு சேதம் ஆச்சுன்னா, "அஞ்சுல ஒரு பங்குக்குத்தானே இன்சூர் பண்ணிருக்கீங்க"ன்னு சொல்லி 40,000 தான் கணக்குக்கு வரும், அதுலயும் நீங்க ஏத்துக்க வேண்டிய பங்குன்னு ஒரு தொகையக் கழிப்பாங்க. பிரீமியத்துல மிச்சம் பண்ண மூவாயிரமோ நாலாயிரமோ வெச்சு என்ன பண்றது? எஸ்டிமேட்டை முழுசா குடுங்க, விலைவாசி ஏறினா நடுவுல கூட்டிக்கோங்க. முழு மதிப்புக்கு எடுத்தாலும் பெரும்பாலும் மொத்தச் செலவுல ஒரு சதவீதத்துக்குள்ள முடிஞ்சிரும்.

திருட்டுக்கு ஒரே ஒரு விஷயம். "எண்ணிப் பார்த்தேன், கம்பி குறையுது"ன்னு போனா தர மாட்டாங்க, இருப்பு எடுக்கும்போது தெரியுற குறைவு பாலிசியிலயே கிடையாது. பூட்டு உடைஞ்சிருக்கணும், ஷெட்டு தகரம் கிழிஞ்சிருக்கணும், அன்னிக்கே போலீஸ்ல எஃப்.ஐ.ஆர் போட்டிருக்கணும். அதனால லோடு இறங்குறப்போ ஒரு நோட்டுல எழுதி, பில்லோட போட்டோ எடுத்து வெச்சுருங்க.

இப்போ உங்க பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. "சி.ஏ.ஆர் எடுத்தா மூணாவது ஆள் சொத்துக்கு கவர் இருக்கு சார்"னு ஏஜென்ட் சொல்றது பொய் இல்ல, ஆனா அந்தப் பகுதியில ஒரு விலக்கு இருக்கு. அதிர்வுனாலயோ, தாங்கிக்கிட்டு இருந்த மண்ணை எடுத்ததாலயோ, பலவீனப்படுத்தினதாலயோ பக்கத்துக் கட்டடத்துக்கு ஆகுற சேதம் கிடையாதுன்னு இருக்கும். சம்ப்புக்குப் பள்ளம் எடுக்கிறது வேற என்ன? அதாவது உங்களுக்கு எதுக்குப் பயமோ அதையே வெட்டி எடுத்துட்டு மிச்சத்தைத்தான் விக்கிறாங்க. இதைக் கூடுதல் பிரீமியம் கட்டி, தனியா ஒரு எண்டார்ஸ்மென்ட்டா, பாலிசியோட ஒட்டி வாங்கணும், வாயால சொன்னா செல்லாது, அந்த எண்டார்ஸ்மென்ட் தாள் உங்க கையில இருக்கணும்.

வாங்கினாலும் அதுக்குள்ள நிபந்தனை இருக்கு. பக்கத்துக் கட்டடம் முழுசாவோ பாதியாவோ இடிஞ்சு விழுந்தாத்தான் பணம். உறுதியைப் பாதிக்காத, இருக்கிறவங்களுக்கு ஆபத்தில்லாத மேலோட்டமான விரிசலுக்குக் கிடையாது. வேலை ஆரம்பிக்கும் முன்னாடி அந்தக் கட்டடம் நல்ல நிலையில இருந்திருக்கணும், நீங்களும் முட்டுக்கொடுக்கிற மாதிரி முன்னெச்சரிக்கை எடுத்திருக்கணும், அந்தச் செலவு உங்களுது. வேலை ஆரம்பிக்கும் முன்ன கட்டடத்தோட நிலைமைக்கு ரிப்போர்ட்டும் கேட்பாங்க.

நான் இன்சூரன்ஸ் சர்வேக்குப் போன ஒரு சைட்ல இதே கதைதான். பக்கத்துக் காம்பவுண்டு செவுத்தை ஒட்டி ரெண்டடி கூட விடாம எட்டடி ஆழத்துக்கு சம்ப் தோண்டியிருந்தாங்க, அந்தச் செவுத்தோட அஸ்திவாரமே மூணடிதான். ராத்திரி மழை, காலையில பார்த்தா செவுரு இருபதடி நீளத்துக்குக் குழிக்குள்ள சாஞ்சு கிடந்தது. அதோட பக்கத்து வீட்டு ஹால்ல பூச்சுல தலைமுடி அளவுக்கு கோடு கோடா விரிசல். எண்டார்ஸ்மென்ட் இருந்ததால விழுந்த செவுத்துக்குப் பணம் வந்தது. ஹால் விரிசலுக்கு வரல, ஆனா பக்கத்து வீட்டம்மா விடுவாங்களா, "எல்லாம் உங்க பள்ளத்தாலதான்"னு பெயிண்ட் வரைக்கும் கேட்டாங்க. அதுல பாதி விரிசல் பழசு, உள்ள ஒட்டடை புடிச்சு இருந்தது. ஆனா அதுக்கு முன்ன எடுத்த போட்டோ ஒண்ணு கூட இல்லாததால ஓனர் கையிலிருந்து குடுத்துத்தான் தகராறு முடிஞ்சது.

அதனால நீங்க பாலிசி வாங்குறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போய், "சார், உங்க செவுத்தைப் போட்டோ எடுத்து வெச்சுக்கிறேன், உங்களுக்கும் நல்லது எனக்கும் நல்லது"ன்னு சொல்லுங்க. ஒரு இன்ஜினியரைக் கூட்டிக்கிட்டு, ஒவ்வொரு விரிசலையும் பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுங்க. பெரிய விரிசல் மேல குறுக்க ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் சிமெண்ட் வெச்சு ஒட்டித் தேதி எழுதிருங்க. விரிசல் நகர்ந்தா கண்ணாடி ஒடையும், ஒடையலைன்னா நகரலை, யாரும் வாதாட முடியாது. ரிப்போர்ட்டுல அவரும் கையெழுத்துப் போடட்டும். பாதி சண்டை இதுலயே அடங்கிரும். சம்ப்பையும் முடிஞ்சா செவுத்தை விட்டுத் தள்ளிப் போடுங்க.

வேலையாள் விஷயத்துக்கு வருவோம். உங்க சைட்ல வேலை பாக்கிறவரு மூணாவது ஆள் இல்ல, அதனால சி.ஏ.ஆர் அவருக்குத் தராது. அவர் கூடக் கூட்டிக்கிட்டு வர்ற பிள்ளைகளுக்கும் கிடையாது, அதனால சைட்டுக்குள்ள குழந்தைகளை விடாதீங்க. பிளான் அப்ரூவல்ல ஒரு சதவீதம் லேபர் வெல்ஃபேர் ஃபண்டு கட்டினேனேன்னு நிறைய பேர் கேக்கிறாங்க. அது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல பதிவு பண்ணின தொழிலாளிக்கு உதவித்தொகை தர்ற நிதி, உங்க பொறுப்பை எடுத்துக்கிற இன்சூரன்ஸ் இல்ல. குடியிருக்க வீடு கட்டுறவர், மேஸ்திரி கூட்டி வந்த ஆளுக்குப் பொறுப்பாவாரான்னு கேட்டா, "தொழில் அல்லது வியாபாரத்துக்காக"ன்னு சட்டத்துல இருக்கிற ஒரு வரிய வெச்சு ரெண்டு பக்கமும் வாதம் ஓடுது. நூறு வருஷப் பழைய 1923 இழப்பீட்டுச் சட்டத்தை புது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல மாத்தி எழுதினாங்க, ஒரு சாதாரண ஓனருக்குப் புரியற மாதிரி மட்டும் யாரும் எழுதல. அந்த வாதத்துல ஜெயிக்கிறதுக்கு வருஷக்கணக்கா அலையறதை விட பாலிசி எடுக்கிறது லாபம்.

தொகை எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்கோங்க. 40 வயசு சென்ட்ரிங் ஆள் தளத்துலருந்து விழுந்து இறந்துட்டார்னா, மாசச் சம்பளத்துல பாதிய வயசுக்கான எண்ணால பெருக்குவாங்க, 40 வயசுக்கு அது 184.17. 2020-ல வெச்ச உச்சவரம்புப்படி சம்பளம் அதிகமா இருந்தாலும் 15,000 வரைக்கும்தான் கணக்கு, பாதி 7,500, ஆக 13,81,275 ரூபாய். உங்க மேஸ்திரியால இதைக் கட்ட முடியுமா? "என்கிட்ட பாலிசி இருக்கு சார்"னு அவர் ஒரு ஜெராக்ஸ் காட்டுவார். அதுல சைட் விலாசம் உங்களுதான்னு பாருங்க, தேதி முடியலையான்னு பாருங்க, எத்தனை பேருன்னு பாருங்க. நான் பார்த்த ஜெராக்ஸ்ல பாதி வேற ஊரு, வேற வருஷம், மூணே மூணு ஆளு. தளம் போடுற அன்னிக்கு கான்க்ரீட் கேங்கே இருபது பேர் ஏறுவாங்க, அவங்க மேஸ்திரியோட ஆளும் இல்ல, அவர் கூப்பிட்ட இன்னொரு கான்ட்ராக்டரோட ஆள். கம்பி கட்டுறவர், எலெக்ட்ரீசியன் எல்லாமே அப்படித்தான். அதனால சப் கான்ட்ராக்டர் ஆட்களும் சேர்த்தின்னு பாலிசியில எழுதி வாங்குங்க, சம்பளத்தைக் குறைச்சு எழுதாதீங்க. ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியா பிரீமியம் கட்டி ஒரு உச்சத் தொகையோட வாங்கணும். செத்தா பணம் வரும், கால் ஒடஞ்ச ஆஸ்பத்திரி பில் வராதுங்கிற பாலிசி ஊருல நிறைய சுத்துது.

சின்ன வீட்டுக்கு சி.ஏ.ஆர்னு போய்க் கேட்டா பிராஞ்ச்ல ஒரு மாதிரி பாப்பாங்க, "இதெல்லாம் பாலம் கட்டுறவங்களுக்கு சார்"னு திருப்பி அனுப்புவாங்க, கமிஷன் வராத வேலைன்னா அப்படித்தான். ரெண்டு மூணு கம்பெனியில எஸ்டிமேட்டும் அப்ரூவ்டு பிளானும் எடுத்துக்கிட்டு எழுத்துல கொட்டேஷன் கேளுங்க, யாராவது ஒருத்தர் தருவாங்க. முதல் கடப்பாரை போடுறதுக்கு முன்ன பாலிசி ஓடணும். லோன் தவணை வர லேட்டாகி வேலை மாசக்கணக்குல நின்னா கம்பெனிக்குக் கடிதம் போட்டுச் சொல்லுங்க, நிக்கிற வேலையால ஆகுற சேதத்துக்கு பாலிசி பதில் சொல்லாது. அப்புறம் மாடி வேலை பாக்கி இருக்கும்போதே நல்ல நாள்னு கீழ்த்தளத்துல கிரகப்பிரவேசம் வெச்சு குடி போயிடுவாங்க. பயன்பாட்டுக்கு வந்த பாகத்துக்கு சி.ஏ.ஆர் அன்னியோட முடிஞ்சிரும், அதனால பால் காய்ச்சுற தேதிய முடிவு பண்ணின உடனே கீழ்த்தளத்துக்கு வீட்டுப் பாலிசிய அந்தத் தேதியிலருந்தே போடச் சொல்லிருங்க.