ஆய்வு முடிவுப் பத்தியைச் சாதாரண வாசகருக்காக மாற்றி எழுதும்போது பி மதிப்பு, நம்பிக்கை இடைவெளி எல்லாவற்றையும் தூக்கிவிட்டு "26% அதிகம்" என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் போதாதா?

பி மதிப்பைத் தூக்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். மற்றதில் கை வைக்காதீர்கள். நீங்கள் உதாரணம் காட்டிய அதே 26 சதவீதத்தை அச்சில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். உங்களிடமும் ஏதோ மருத்துவ ஆய்வைக் கொடுத்து, நாளைக்குள் வேண்டும் என்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மாத்திரை பற்றி அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வு அது. 16,608 பெண்கள், சராசரியாக 5.2 ஆண்டுகள். முடிவுப் பத்தியிலிருந்து நான் எடுத்தது இவ்வளவுதான்: மார்பகப் புற்றுநோய்க்கு அபாய விகிதம் 1.26, அதாவது மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆபத்து 1.26 மடங்கு; 95% நம்பிக்கை இடைவெளி 1.00 முதல் 1.59 வரை. பழைய ஆய்வுகளை அலசும் ஒரு தொடருக்காக நான் அதை "மார்பகப் புற்றுநோய் ஆபத்து 26% கூடுகிறது" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. ஆனால் இதழ் வந்த வாரமே ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, நூறு பேர்ல இருபத்தாறு பேருக்கு கேன்சர் வருமாமே? நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்." டாக்டரிடம் கேட்டீர்களா என்றால், "அதான் நீங்களே எழுதிட்டீங்களே" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. எதில் 26 சதவீதம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையிலேயே அடிப்படை எண் இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 30 பேர், ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேர். கூடுதல் 8 பேர். எட்டை முப்பதால் வகுத்தால் ஏறக்குறைய அந்த 26 வந்துவிடும். அதே தரவுதான், ஆனால் படிப்பவர் மனதில் விழுவது வேறு.

அடுத்தது இடைவெளி. நிச்சயமின்மையை வாசகர் தாங்க மாட்டார் என்பது ஆசிரியர்களின் மூடநம்பிக்கை. "1.00 முதல் 1.59" என்றால் தாங்க மாட்டார்தான். அதையே ஆள் கணக்காக மாற்றுங்கள்: 30-ஐ 1.00-ஆல் பெருக்கினால் 30, 1.59-ஆல் பெருக்கினால் சுமார் 48. ஆக, கூடுதல் பூஜ்ஜியத்திலிருந்து 18 பேர் வரை. (புள்ளியியல் படித்தவர்கள் பாய வேண்டாம். அந்த 30-க்கும் ஒரு தடுமாற்றம் உண்டு, அதை நிலையாக வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது என்று எனக்கும் தெரியும்.) "உண்மை இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இடைவெளியின் பொருள் அதுவல்ல. "இந்தத் தரவோடு ஒத்துப்போகும் எண்கள்" என்றால் போதும்.

மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"50 முதல் 79 வயது வரையிலான, கருப்பை அகற்றப்படாத பெண்களில், வெற்று மாத்திரை எடுத்த 10,000 பேரில் ஓராண்டில் சுமார் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் 38 பேருக்கு வந்தது. கூடுதல் 8 பேர். ஆனால் கூடுதலே இல்லை என்பதிலிருந்து 18 பேர் வரை எந்த எண்ணும் இந்தத் தரவோடு ஒத்துப்போகும். இவர்களின் சராசரி வயது 63. ஐம்பதை ஒட்டித் தொடங்குபவர்களுக்கும் இதே எண்தான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அதே 10,000 பேர் கணக்கில் இடுப்பெலும்பு முறிவோ 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது."

கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். தீமையைச் சதவீதத்திலும் நன்மையை ஆள் கணக்கிலும் சொன்னால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டுக்கும் அதே 10,000 பேர்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்த ஆய்வு என்பதால்தான் இங்கே "மாத்திரையால்" என்று சொல்லவே துணிகிறோம். வெறுமனே கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு என்றால் "எடுத்தவர்களிடம் அதிகம் காணப்பட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயது பற்றிய எச்சரிக்கையை நடுவில் நுழைத்ததற்கும் காரணம் உண்டு. முதலில் கடைசியில்தான் வைத்திருந்தேன். இடம் போதவில்லை என்று பக்கம் வடிவமைப்பவர் அடியிலிருந்து வெட்டினார், முதலில் போனதே அதுதான். கேட்டால், "அது சும்மா டிஸ்கிளெய்மர்தானே சார்" என்கிறார். இதில் கூத்து என்னவென்றால் எனக்குச் சம்பளம் வார்த்தைக் கணக்கில். வெட்டிய வரிக்கும் சேர்த்துப் பணம் பிடித்தார்கள். திருத்தம் போட்டதற்குத் தனியாக ஒன்றும் தரவில்லை, அதுவும் உள்பக்கத்தின் மூலையில்.

அந்த அம்மாவுக்கு நானே போன் செய்து எட்டுப் பேர் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, அந்தப் பத்தாயிரத்துல என் வயசுக்காரங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.